செக் பதிவின் கடைசி வரி

"மேடம், தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன். என்ரோல் ஆகி நான்கு வருஷம். சீனியரிடமிருந்து தனியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. கட்சிக்காரர்கள் அதிகம் வருவதில்லை. மக்களுக்குப் புரிகிற தமிழில் ஃபேஸ்புக்கில் சட்டப் பதிவுகள் எழுதலாம் என்று ஆரம்பித்தேன். முதல் பதிவு செக் கேஸ் பற்றி, கீழே என் நம்பரும் போட்டிருந்தேன். இங்குள்ள ஒரு மூத்த வக்கீல் பார்த்துவிட்டு, 'யாராவது பெட்டிஷன் போட்டால் சன்னது போய்விடும், எடுத்துவிடு' என்றார். எடுத்துவிட்டேன். இன்னொரு பக்கம், மாதம் 15 கட்சிக்காரர்களை அனுப்புகிறோம் என்று ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி போன் செய்துகொண்டே இருக்கிறது. நான் எழுதலாமா, கூடாதா? எழுதினால் எப்படி எழுத வேண்டும்? எடுத்துவிட்ட பதிவை இதோடு அனுப்பியிருக்கிறேன்."

தம்பி, எழுதலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய பதிவை அப்படியே திரும்பப் போடக் கூடாது. உங்கள் ஊர் மூத்தவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம்பரைப் பார்த்துத்தான் அவர் எச்சரித்திருப்பார். எனக்கு அந்தப் பதிவில் நம்பரைவிட வேறு இரண்டு விஷயங்கள் உறுத்தின. அதற்கு வருவதற்கு முன் விதியை ஒரு முறை சேர்ந்து படித்துவிடுவோம். அதை முழுசாகப் படிக்காமலே நம்மில் பலர் 'விளம்பரம் கூடாது' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படுகிறோம், அல்லது பயமே இல்லாமல் இருக்கிறோம்.

இந்திய பார் கவுன்சில் விதிகளில், நடத்தை நெறிகள் அத்தியாயத்தில் 36-வது விதி. வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. இது தலைவாசல். அதற்குப் பிறகுதான் எந்தெந்த வழியில் என்று விதி விரித்துச் சொல்கிறது: சுற்றறிக்கை, விளம்பரம், புரோக்கர்கள், தனிப்பட்ட கடிதங்கள், பழக்கமில்லாதவர்களிடம் போய்ப் பேசுவது, தான் நடத்துகிற வழக்கு பற்றிப் பத்திரிகையில் கருத்து வரச் செய்வது, அந்த வழக்கை ஒட்டித் தன் போட்டோ வரச் செய்வது. போர்டு கூட அளவாக இருக்க வேண்டும். இந்த வகை வழக்கில் நிபுணர் என்று போர்டிலோ லெட்டர்பேடிலோ போடக் கூடாது. 2008-ல் இதற்கு ஒரு தளர்வு வந்தது. வழக்கறிஞர் தன் சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், என்ரோல்மெண்ட் விவரங்கள், எந்த பார் அசோசியேஷன் உறுப்பினர், படிப்பு, எந்தெந்தத் துறைகளில் பிராக்டிஸ் என்பதைப் போடலாம். அந்தப் பட்டியலோடு தளர்வு முடிந்துவிடுகிறது.

சட்டத்தை மக்களுக்கு விளக்கி எழுதலாம் என்று 36-வது விதியில் தனியாக ஒரு வரி கிடையாது. எழுதக் கூடாது என்றும் கிடையாது. அதனால் உங்கள் பதிவு என்னவாக எடுத்துக்கொள்ளப்படும் என்பது 'நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்பது' என்ற அந்தத் தலைவாசலில்தான் முடிவாகும். யாராவது புகார் கொடுத்தால் பதிவின் பிரிண்ட் அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: இதைப் படித்தவருக்குச் சட்டம் புரிந்ததா, அல்லது இந்த வக்கீலிடம் போக வேண்டும் என்று புரிந்ததா? நீங்கள் ஒவ்வொரு பதிவையும் போடும் முன் அந்தப் பிரிண்ட் அவுட் உங்கள் கையில் இருப்பதாக நினைத்துப் படியுங்கள்.

காலமும் இப்போது இளக்கமாக இல்லை. 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும், இணையத்தில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு, ஸ்டார் கொடுத்து, கட்டணத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சேவைகளைப் பற்றிக் கடுமையாகத் தீர்ப்பு எழுதினார்கள். அப்படி வேலை பிடிக்கிற வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்குச் சொல்லுமாறு இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டார்கள். அதே மாதம் அந்த அறிவுறுத்தலும் போனது. 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் நடிகர்களையும் இன்ஃப்ளூயன்ஸர்களையும் வைத்து விளம்பரம் செய்வதைக் கண்டித்து இன்னொரு அறிக்கை விட்டது. ஆகவே மார்க்கெட்டிங் கம்பெனிக்கு உங்கள் பதில் 'வேண்டாம்' என்பதுதான். இதில் யோசிக்க எதுவுமில்லை. மாதம் 15 பேரை அனுப்புகிறேன் என்று காசு கேட்பவர், கோர்ட் வாசலில் நின்று ஆள் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறார். கையில் லேப்டாப் இருப்பதால் அது வேறாகிவிடாது. 'புரோக்கர்கள்' என்ற சொல் விதியிலேயே இருக்கிறது.

சரி, உங்கள் பதிவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருந்தது இது:

"செக் பவுன்ஸ் ஆகிவிட்டதா? கவலை வேண்டாம்! செக் கொடுத்து ஏமாற்றியவரை 2 வருடம் ஜெயிலுக்கு அனுப்பச் சட்டம் இருக்கிறது. ஆனால் காலக்கெடு மிகக் குறைவு. ஒரு நாள் தவறினாலும் உங்கள் பணம் போய்விடும். இதில் அனுபவமுள்ள வழக்கறிஞரை உடனே அணுகவும். தொடர்புக்கு:" — அதன் கீழ் உங்கள் பெயரும் நம்பரும்.

இதில் எனக்கு முதலில் உறுத்தியது 'ஒரு நாள் தவறினாலும் பணம் போய்விடும்' என்ற வரி. அது உண்மை இல்லை என்று உங்களுக்கே தெரியும். வங்கி திருப்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் விடவில்லை என்றால், அந்த முறை திரும்பியதை வைத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் கேஸ் போட முடியாது, அவ்வளவுதான். செக் இன்னும் மூன்று மாதக் கெடுவுக்குள் இருந்தால் மறுபடி வங்கியில் போடலாம், மறுபடி திரும்பினால் புதிதாக நோட்டீஸ் விடலாம். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகாரைத் தாக்கல் செய்வதில் தாமதம் ஆனாலும், போதுமான காரணம் இருந்தால் மன்னிக்க 142-வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. இதெல்லாம் போனாலும் பணத்துக்கு சிவில் வழக்கு போட பொதுவாக மூன்று வருஷம் இருக்கிறது. இத்தனையும் தெரிந்த ஒரு வக்கீல் 'பணம் போய்விடும்' என்று எழுதினால், படிப்பவர் பயந்து போன் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு காரணம் சொல்ல முடியாது. நம்பரை எடுத்துவிட்டாலும் அந்த வரி வேலை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

'2 வருடம் ஜெயில்' என்பதும் இதே ரகம். சட்டம் சொல்வது அதிகபட்சம் இரண்டு வருடம், அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நம் கோர்ட்டுகளில் இந்த வழக்குகள் பெரும்பாலும் எப்படி முடிகின்றன என்று நீங்களே பார்க்கிறீர்கள். பாதிப் பணம் கொண்டுவந்து, வாய்தா வாங்கி, பேசி, சமரசமாகிறது. 147-வது பிரிவில் சமரசத்துக்கு வழியும் இருக்கிறது. ஜெயில் என்ற வார்த்தையை முதல் வரியில் போட்டால் கோபத்தில் இருக்கிறவர் வருவார். வந்து ஆறு மாதம் கழித்து, 'நீங்கதானே சார் ஜெயில்னு எழுதினீங்க' என்று உங்கள் மேஜைக்கு முன்னாலேயே கேட்பார்.

இரண்டாவதாக உறுத்தியது நீங்கள் எழுதாமல் விட்டது. காலக்கெடு குறைவு என்கிறீர்கள், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இது இளம் வக்கீல்கள் நிறையப் பேரிடம் நான் பார்ப்பது. எல்லாம் சொல்லிவிட்டால் யார் வருவார்கள் என்று பாதியில் நிறுத்துகிறார்கள். என் அனுபவத்தில் அது நேர் தலைகீழ். பாதியில் நிறுத்தும்போதுதான் பதிவு விளம்பரமாகிறது, ஏனென்றால் மீதிப் பாதி உங்கள் ஆபீசில் இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். முழுசாகச் சொன்ன பதிவு சட்டக் கல்வியாக நிற்கும். முழுசாகச் சொன்னவரைத்தான் ஆட்களுக்கு ஞாபகமும் இருக்கும்.

அந்தப் பதிவை நான் எழுதினால் ஒரு ஆளையும் தேதிகளையும் வைத்து எழுதுவேன். சட்டப் பிரிவை முதலில் போட மாட்டேன். கற்பனையான ஒரு அரிசிக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒருவர் 2025 ஜூன் 2 தேதியிட்டு 80,000 ரூபாய்க்கு செக் கொடுக்கிறார். கடைக்காரர் ஜூன் 10 அன்று வங்கியில் போடுகிறார். ஜூன் 12 அன்று பணம் இல்லை என்ற ரிட்டர்ன் மெமோ கைக்கு வருகிறது. அந்த நாளிலிருந்து 30 நாள், அதாவது ஜூலை 12-க்குள், எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் ஜூன் 25-ல் அனுப்புகிறார், எதிராளிக்கு ஜூன் 28-ல் கிடைக்கிறது. கிடைத்ததிலிருந்து 15 நாள் எதிராளிக்கு அவகாசம், ஜூலை 13 வரை. அதற்குள் பணம் வந்துவிட்டால் குற்றமே இல்லை. வராவிட்டால் ஜூலை 14-லிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். ஆகஸ்ட் 13-ஐத் தாண்ட விடாமல் போட்டுவிடுவது பாதுகாப்பு.

இந்தத் தேதிகளைப் படித்தவர் தன் மெமோவை எடுத்து வைத்துக்கொண்டு தன் தேதிகளைத் தானே எண்ணிவிடுவார். அப்புறம் ஆட்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு மூன்றைச் சேர்க்கலாம். நோட்டீஸில் செக் தொகையைத் தெளிவாகக் கேட்க வேண்டும். 'நம் கணக்கில் உள்ள பாக்கி எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று கலந்து எழுதி, செக் தொகை எவ்வளவு என்றே தெரியாமல் போனால் நோட்டீஸ் நிற்காது. 'கதவு பூட்டியிருந்தது', 'வாங்க மறுத்தார்' என்று தபால் திரும்பி வந்தால் பலர் எல்லாம் முடிந்தது என்று கவரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் அது சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், அந்தத் திரும்பிய கவர்தான் சாட்சியம், அதைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். எந்தக் கோர்ட் என்றால், செக்கை வாங்கி வங்கியில் போட்டவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தக் கிளை இருக்கும் எல்லையில் உள்ள கோர்ட். 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான். உங்கள் பதிவில் ஜெயிலுக்குக் கொடுத்த இடத்தை இந்தக் கவருக்குக் கொடுங்கள். தென்காசிப் பக்கம் ஒரு கடைக்காரர் அந்த ஒரு வரியால் தன் கவரைப் பத்திரப்படுத்தினால் உங்கள் பதிவு தன் வேலையைச் செய்துவிட்டது.

தேதியை ஒவ்வொரு பதிவிலும் போடுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு 420 என்று சொல்லிக்கொண்டிருந்தது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆகிவிட்டது. அதற்கு முன் எழுதிய பதிவுகள் இன்னும் பழைய எண்ணோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. எந்த நாள் நிலவரப்படி எழுதியது என்று மேலே ஒரு வரி இருந்தால் படிப்பவருக்கும் நல்லது, நாளைக்கு உங்களுக்கும் நல்லது. தவறு கண்டுபிடித்தால் சத்தமில்லாமல் அழிக்காமல், திருத்தினேன், இதுதான் சரி என்று அதிலேயே எழுதுங்கள். மற்ற வக்கீல்கள் அதைக் கவனிப்பார்கள். கேஸ் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

இனி உங்கள் சொந்தக் கேஸ்கள். அதைப் பற்றி எழுதவே வேண்டாம். ஜெயித்ததையும் வேண்டாம், பெயரை மாற்றியும் வேண்டாம். உங்கள் தாலுகாவில் பெயரை மாற்றினால் யாருக்கும் தெரியாமல் போய்விடாது. என் ஆபீசில் இருந்த ஒரு ஜூனியர், நிலத் தகராறு ஒன்றில் தடை உத்தரவு வாங்கிய அன்று கட்சிக்காரரோடு கோர்ட் படிக்கட்டில் நின்று போட்டோ எடுத்து, 'நீதி வென்றது' என்று போட்டான். சாயங்காலத்துக்குள் எதிர்த்தரப்பு அதை பிரிண்ட் எடுத்துவிட்டது. அது இடைக்கால உத்தரவுதான், வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. புகார் வந்தபோது அவனிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. 'தான் ஈடுபட்ட வழக்கை ஒட்டிப் போட்டோ வரச் செய்வது' என்று விதியில் எழுதியிருக்கிற அதையேதான் அவன் செய்திருந்தான். எழுத்து மூலம் விளக்கம் எழுதி, வருத்தம் தெரிவித்து, நான் அவனோடு உட்கார்ந்து அந்த விளக்கத்தை நான்கு முறை திருத்தினேன். அந்த மாதம் முழுக்க அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சில லைக்குகள் தவிர அந்தப் போட்டோவால் அவனுக்குக் கிடைத்தது எதுவுமில்லை. அட்வகேட்ஸ் சட்டம் 35-வது பிரிவில் கண்டனம் முதல் சஸ்பென்ஷன், பெயர் நீக்கம் வரை இருக்கிறது. உங்கள் மூத்தவர் சொன்னதுபோல் ஒரு பதிவுக்கே உடனே சன்னது போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புகாருக்குப் பதில் எழுதும் அந்த மாதங்களே போதும்.

வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். கவுனும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு வீடியோ எடுக்காதீர்கள். கோர்ட் அல்லாத பொது இடங்களில் அவற்றை அணியக் கூடாது என்று தனி விதியே இருக்கிறது, சில சடங்கு நிகழ்ச்சிகள் மட்டும் விலக்கு. வீட்டு ஹாலில் கவுன் மாட்டிக்கொண்டு பேசுகிற வீடியோக்களை நான் தினமும் பார்க்கிறேன். பேசுகிறவர் சட்டத்தைச் சரியாகவே சொன்னாலும், பார்க்கிற வக்கீல்களுக்கு அங்கேயே மனம் விலகிவிடுகிறது. சாதாரணச் சட்டையில் உட்கார்ந்து, கையில் ஒரு ரிட்டர்ன் மெமோ மாதிரியைக் காட்டிப் பேசினால் போதும். கணக்கு எண், பெயர், கையெழுத்து எதுவும் தெரியாத வெற்று மாதிரியாக அது இருக்கட்டும்.

குடும்ப வழக்குகள் பற்றி எழுத ஆசை வரும், அதற்குத்தான் கூட்டம் அதிகம். அதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். இந்துத் திருமணச் சட்டம் 22-வது பிரிவின்படி அந்த நடவடிக்கைகள் மூடிய அறையில் நடப்பவை, அவற்றை வெளியிடுவது தண்டனைக்குரியது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக்கூட நீதிமன்றத்தின் முன் அனுமதியோடுதான் வெளியிடலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. போக்ஸோ என்றால் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பள்ளி, தெரு, உறவு முறை எதுவும் வரக் கூடாது. முதல் வருஷம் செக், வாடகை, பட்டா, வாரிசுச் சான்று போன்றவற்றோடு நின்றுகொள்ளுங்கள் என்பது என் யோசனை. உங்கள் ஊருக்குத் தேவையும் அதுதான்.

பதிவு போட்டபின் நடப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒருவர் கீழே வந்து எழுதுவார்: "சார், என் மச்சான் 3 லட்சத்துக்கு செக் கொடுத்தார், மே மாசமே திரும்பிடுச்சு, நோட்டீஸ் விடல, என்ன பண்றது?" அதற்கு அங்கேயே பதில் சொன்னால் அவருடைய பலவீனத்தை அவர் மச்சானுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். 'எனக்கு போன் பண்ணுங்க' என்றால் நீங்கள் வேலை கேட்டதாகிவிடும். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "ஐயா, உங்கள் விவரங்களைப் பொதுவில் எழுத வேண்டாம், முடிந்தால் இந்தக் கமெண்டை நீக்கிவிடுங்கள். பொதுவாக, செக் கெடுவுக்குள் இருந்தால் மறுபடி போடலாம், கெடு முடிந்திருந்தால் சிவில் வழக்கு வழி இருக்கிறது. மெமோவோடு உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்." 'உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர்' என்று எழுதுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எழுதுங்கள். அந்த ஒரு சொல்தான் பிரிண்ட் அவுட்டில் உங்களைக் காப்பாற்றும்.

இன்பாக்ஸில் வருகிறவர்கள் வேறு. தானாகத் தேடி வந்து கேட்கிறவரைச் சந்திப்பதை விதி தடுக்கவில்லை. ஆனால் கதையைக் கேட்கும் முன் இரண்டு தரப்பின் பெயரையும் கேளுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரு முறை ஒரு பெண் எனக்கு நீளமாக எழுதியிருந்தார், மூன்றாவது பத்தியில்தான் எதிர்த்தரப்பு என் கட்சிக்காரரின் அண்ணன் என்று தெரிந்தது. அதற்குள் அவர் சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிவிட்டார். அதை நான் பயன்படுத்தவும் முடியாது, மறக்கவும் முடியாது. கடைசியில் என் கட்சிக்காரரின் வழக்கையே வேறு ஆபீசுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சின்ன ஊரில் இது உங்களுக்கு இன்னும் சீக்கிரம் நடக்கும். முதல் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "இப்போதைக்கு உங்கள் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதையும், ஆவணங்களையும், இப்போது அனுப்ப வேண்டாம்." நேரில் வந்து, வக்காலத்தோ ஃபீஸோ பேசிய பிறகுதான் ஆலோசனை. மெசேஜில் சட்டக் கருத்து சொல்லாதீர்கள். பாதி விவரத்துக்குச் சொன்ன கருத்தை முழு வழக்குக்கும் சொன்னதாக அவர் இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுவார்.

இன்னொரு வழி உங்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. வட்ட சட்டப் பணிகள் குழுவில் பேனல் வக்கீலாக விண்ணப்பியுங்கள். ஊர் ஊராகச் சட்ட விழிப்புணர்வு முகாம்கள் நடத்துகிறார்கள், பேச ஆள் வேண்டும். அங்கே நீங்கள் அழைக்கப்பட்டுப் பேசுகிறீர்கள், சட்டம் ஏற்படுத்திய அமைப்பின் மேடையில் பேசுகிறீர்கள். விளம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முகாமில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு பற்றி அரை மணி நேரம் பேசினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை, வீணாய்ப் போனது என்று நினைத்துத் திரும்பினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு அம்மா, அன்று கொடுத்த ஒரு பக்கக் குறிப்பை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்ததை எடுத்து என் மேஜையில் வைத்தார். அந்தக் குறிப்பில் என் பெயர் கூட இல்லை. முகாமில் பேசியது யார் என்று ஊர்த் தலையாரியிடம் கேட்டு வந்திருந்தார். நீங்கள் முகாமில் பேசுவதற்குத் தயாரித்த அதே விஷயத்தை அடுத்த நாள் பதிவாக எழுதுங்கள். கேட்டவர்கள் என்ன புரியாமல் விழித்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், பதிவு அதனாலேயே நன்றாக வரும்.

எத்தனை எழுதுவது என்றால், மாதம் இரண்டு போதும். ஒரே துறையில் ஒரு வருஷம். பதிவைப் பணம் கட்டிப் பரப்பாதீர்கள். பணம் கட்டிய நிமிடத்தில் உள்ளடக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது விளம்பரம் என்ற பெயரிலேயே திரையில் வரும், உங்களுக்கு எதிராக அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பக்கத்தின் அறிமுகப் பகுதியில் பெயர், வழக்கறிஞர், என்ரோல்மெண்ட் எண், ஊர் என்பதோடு நிறுத்துங்கள். 2008 தளர்வு இணையதளத்துக்குத்தான், ஃபேஸ்புக் பக்கத்துக்கு அதை நீட்டிப் பார்ப்பது நம்முடைய வாதமே தவிர விதி இல்லை. அதனால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருப்பது நல்லது. 'செக் கேஸ் ஸ்பெஷலிஸ்ட்', '100% வெற்றி', 'முதல் ஆலோசனை இலவசம்' எதுவும் வேண்டாம். கட்சிக்காரர்களிடம் நல்ல ரிவ்யூ போடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

செக் பதிவை அரிசிக் கடைக்காரரோடும் தேதிகளோடும் திரும்ப எழுதுங்கள். போடும் முன் உங்கள் ஊர் மூத்தவரிடம் ஒரு முறை காட்டுங்கள், அவர் உங்களை எச்சரித்ததே அக்கறையால்தான். உங்கள் நம்பர் இருந்த இடத்தில், கடைசி வரியாக, இதைப் போடுங்கள்: "இது பொதுவான சட்ட விளக்கம். உங்கள் வழக்கின் விவரங்களுக்கு உங்கள் வழக்கறிஞரைப் பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு உங்கள் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்."